பத்துக்கும் பட்டுக்கும் ஒரே விடை வந்தால்: ஒலிப்பிடத் தேர்வில் தவறும் இடங்கள்

சென்னையில் மொழியியல் முதலாமாண்டு வகுப்புக்கு ஒவ்வொரு ஆண்டும் மூன்றாவது வாரத்தில் ஒரு சின்னத் தேர்வு வைக்கிறேன். 6 கேள்வி, 20 நிமிடம். ஓர் ஒலி வாயில் பிறக்கும் இடமான ஒலிப்பிடம், அங்கே காற்று போகும் விதமான ஒலிப்புமுறை, இந்த இரண்டு மட்டும்தான் பாடம். விடைத்தாள்களைத் திருத்தும்போது தவறுகள் சிதறி வருவதில்லை. அதே நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கிறது. விடைத்தாளில் எந்தத் தவறு தெரிந்தால் அந்த மாணவரின் வாயில் எதைச் சோதிக்க வேண்டும், சோதனையே பொய் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இந்தத் தேர்வை அப்படியே எடுத்து வைக்கும் ஆசிரியர்களுக்கும், தனியாக எழுதிப் பார்க்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

தேர்வு

ஒவ்வொரு ஒலிக்கும் இரண்டு மதிப்பெண், மொத்தம் 28. சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதச் சொல்கிறேன். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

1. பத்து, பட்டு. நடுவில் வரும் இரட்டை மெய்யின் இடமும் முறையும் என்ன?
2. பசி, பச்சை, பஞ்சு. 'ச' எழுத்து குறிக்கும் ஒலியின் முறை என்ன? குரல்நாண் அதிர்கிறதா?
3. வால், வாள், வாழ். புத்தகம் வாசிக்கும்போது சொல்கிற மாதிரி சொல்லுங்கள். கடைசி மெய்யின் இடமும் முறையும் என்ன?
4. பந்து, பண்டம், பங்கு. இடையில் வரும் மூக்கொலியின் இடமும் முறையும் என்ன?
5. காற்று. உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள். நடுவில் வரும் மெய்யின் இடமும் முறையும் என்ன?
6. தமிழ் 'வண்டி', ஆங்கிலேயர் சொல்லும் 'வேன்'. இரண்டின் முதல் ஒலிக்கும் இடமும் முறையும் என்ன?

விடை

1. பத்து: பல், அடைப்பொலி. பட்டு: வளைநா, அடைப்பொலி.
2. பசி: உரசொலி, அதிர்வில்லை. பச்சை: அடைப்புரசொலி, அதிர்வில்லை. பஞ்சு: அடைப்புரசொலி, அதிர்வு உண்டு.
3. வால்: நுனியண்ணம், மருங்கொலி. வாள்: வளைநா, மருங்கொலி. வாழ்: வளைநா, உரசிலாத் தொடரொலி.
4. பல், வளைநா, பின்னண்ணம். மூன்றுக்கும் முறை மூக்கொலி.
5. ஒரே விடை கிடையாது. கீழே பாருங்கள்.
6. இரண்டுக்கும் இடம் இதழ்ப்பல். வண்டி: உரசிலாத் தொடரொலி. வேன்: உரசொலி.

நுனியண்ணம் என்று நான் சொல்வது மேல்பல்லுக்குப் பின்னால், ஈறு தடித்து மேடாக இருக்கும் இடத்தை. நாக்கு நுனியைப் பல்லின் உட்புறத்தில் வைத்து மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். முதலில் பல் வழவழவென்று இருக்கும், அடுத்து அந்த மேடு, அதைத் தாண்டியதும் நாக்கு ஒரு குழிவுக்குள் சரியும். அந்தச் சரிவிலும் அதற்குப் பின்னாலும் நாக்கு மடங்கித் தொட்டால் வளைநா. தேர்வுக்கு முன்னால் வகுப்பு முழுக்க இதை ஒரு தடவை செய்துவிட வேண்டும். மேட்டைக் கண்டுபிடிக்காத மாணவருக்கு முதல் கேள்வியே புரியாது.

தவறு: பத்து, பட்டு இரண்டுக்கும் 'நுனியண்ணம்' என்று எழுதியிருக்கிறார்

இதுதான் அதிகம் வரும், சரிசெய்ய நேரமும் அதிகம் எடுக்கும். காரணம் பெரும்பாலும் பாடநூலில் இருக்கும் பன்னாட்டு ஒலியியல் அட்டவணை. அதில் [t] நுனியண்ணக் கட்டத்தில் இருக்கிறது. மாணவர் பள்ளி நாளிலிருந்து தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது த-வுக்கும் அந்த எழுத்து, ட-வுக்கும் அந்த எழுத்து. ஆகவே அட்டவணையில் அந்த எழுத்தைப் பார்த்ததும் இரண்டையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார். நாக்கைக் கேட்காமல் எழுத்தைக் கேட்டு எழுதிய விடை அது.

"நாக்கு எங்கே படுது, சொல்லும்மா" என்று கேட்டுப் பயனில்லை. நாக்கு படும் இடத்தை நாம் உணர்வதைவிட ஊகிப்பதுதான் அதிகம். கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது: நாக்கில் கரி தடவி, ஒரு சொல்லைச் சொல்லி, அண்ணத்தில் எங்கே கறை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஆய்வுக்கூடங்களில் கரித்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். வகுப்பில் நான் கோகோ பவுடரைச் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் கரித்தூள் வயிற்றுக்குள் போனால் சாப்பிட்ட மாத்திரையையும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அதைத் தவிர்க்கிறேன். விருப்பப்பட்டு முன்வருபவருக்கு மட்டும்தான், ஆளுக்கு ஒரு புதுத் தூரிகை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நாக்கு அண்ணத்தைத் தொடும் மெய் அந்தச் சொல்லில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பத்து, பட்டு இரண்டும் இதற்கென்றே பிறந்த சொற்கள் மாதிரி. ப் இதழில் முடிந்துவிடுகிறது, மிச்சம் இருப்பது நடு மெய் மட்டும்தான். 'தட்டு' என்று சொல்ல வைத்தால் த் ஒரு கறை, ட் ஒரு கறை, எது எதனுடையது என்று தெரியாது. நுனியண்ணத்துக்கு ஒப்பிட மூன்றாவதாக 'பன்னு' சேர்க்கிறேன், டீக்கடைப் பன்னுதான். ன் மூக்கொலி என்றாலும் நாக்கு தொடும் இடம் தெளிவாகத் தெரியும்.

போன ஆண்டு இரண்டுக்கும் நுனியண்ணம் எழுதிய ஒரு மாணவி முன்வந்தாள். நாக்கின் மேல்பக்கம், நுனி, ஓரங்கள் எல்லாம் கோகோ தடவி, வாயைத் திறந்தே வைத்திருந்து, எச்சில் விழுங்காமல் 'பத்து' என்று ஒரே தடவை சொன்னாள். மேல்பல்லுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்பற்களின் உட்புறம் முழுக்கப் பழுப்பு, ஈற்றின் தொடக்கத்திலும் கொஞ்சம். கடைவாய்ப்பற்கள் ஓரமாகவும் கறை இருந்தது. அதைப் பார்த்து அவள் குழம்பினாள். அது நாக்கின் ஓரங்கள் காற்று போகாமல் அடைத்ததன் தடம். இடத்தைத் தீர்மானிக்க நடுக்கோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

வாய் கொப்பளித்து, மறுபடி தடவி, 'பன்னு'. பற்கள் சுத்தமாக இருந்தன, மேட்டின் மேல் ஒரு பட்டை. அடுத்து 'பட்டு'. கண்ணாடியில் பார்த்தால் நடுக்கோட்டில் கறையே இல்லை. ஓரங்களில் மட்டும் ஏதோ லேசாக.

"மேடம், அப்போ நாக்கு எங்கேயும் படலையா?" என்றாள்.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடம் இது. நாக்கு நன்றாகவே பட்டிருக்கிறது. நாம் கோகோ தடவாத பக்கத்தால் பட்டிருக்கிறது. தமிழ் ட்-வுக்குப் பலரின் நாக்கு நுனி பின்னால் மடங்கி, அதன் அடிப்பக்கம்தான் அண்ணத்தைத் தொடும். மேல்பக்கம் மட்டும் தடவினால் தொட்ட இடத்தில் கறை விழாது. அப்போது வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும்: அண்ணத்தில், மேட்டுக்குப் பின்னால் உள்ள குழிவில் தடவிவிட்டு, நாக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டு 'பட்டு' சொல்லி, உடனே நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அவள் தூக்கினாள். நுனிக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கத்தில், தெளிவான பழுப்புத் திட்டு.

எல்லோருக்கும் அடிப்பக்கத்தில் விழாது. சிலர் நாக்கை அவ்வளவு மடக்குவதில்லை, நுனியாலேயே மேட்டுக்குப் பின்னால் தொடுவார்கள். வீட்டில் இந்தி பேசும் சவுகார்பேட்டை மாணவர்களிடம் இதை எதிர்பார்க்கலாம். தமிழ், தெலுங்கு வளைநா ஒலிகளைவிட இந்தியினுடையவை மடிப்புக் குறைந்தவை. அதுவும் வளைநாதான். ஆகவே "மேட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்" என்று அளக்காமல், அவரவர் 'பன்னு'க் கறைக்குப் பின்னால் 'பட்டு' விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒருவர் வாயை இன்னொருவர் வாயோடு ஒப்பிட்டால் வீண் சண்டைதான் வரும்.

அந்த மாணவி வாய் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொன்றும் கேட்டாள்: "மேடம், டீ, டாக்டர்னு இங்கிலீஷ்ல சொல்லும்போதும் எனக்கு இங்கேதான் படுது. அட்டவணை தப்பா?" அட்டவணை சரிதான். அது லண்டன்காரர் [t] சொல்லும் இடம். ஆங்கில [t] நம் காதுக்கு த்-வைவிட ட் மாதிரிக் கேட்பதால் நாம் அதை வளைநாவாகவே வாங்கிக்கொண்டோம். ட், த் இரண்டுக்கும் அட்டவணையில் தனிக் குறி இருக்கிறது: வளைநாவுக்கு வால் வலப்பக்கம் வளைந்த [ʈ], பல்லொலிக்கு அடியில் பல் மாதிரிக் குறி போட்ட [t̪]. இந்தத் தவறு வந்த தாளில் எழுத்துக்குறி கேட்டு மறுபடி எழுதச் சொன்னால், குறியைத் தேடும்போதே பலருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

தவறு: பசி, பச்சை, பஞ்சு மூன்றுக்கும் 'வல்லினம்' அல்லது 'அடைப்பொலி'

காரணம் பள்ளி இலக்கணம். வல்லினம் என்பது எழுத்தின் இனம். மெல்லினம் ஆறும் மூக்கொலிகளே என்பதால் அங்கே இனத்தை எழுதினாலும் முறை சரியாகிவிடும், மாணவருக்குத் தைரியம் வந்துவிடும். இடையினத்தில் அது உடைகிறது (ல் மருங்கொலி, ய் அப்படியில்லை). வல்லினத்தில் ஒரே எழுத்துக்குள்ளேயே உடைகிறது.

சோதனைக்குக் கருவி வேண்டாம். நடு ஒலியை நீட்டச் சொல்லுங்கள். 'பஸ்ஸ்ஸ்ஸ்ஸி': ஐந்து நொடி நீட்டலாம், காற்று தொடர்ந்து சீறும். அது உரசொலி. இப்போது 'பச்சை'யை அதே மாதிரி நீட்டச் சொல்லுங்கள். நீள்வது சீறல் இல்லை, மௌனம். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்து நிற்கிறது. விடும்போது படீரென்று விடாமல் சீறிக்கொண்டே விடுகிறது. அடைப்பும் உரசலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் நடப்பதால்தான் அடைப்புரசொலி என்று பெயர். ஃபோனில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால், அல்லது `Praat` போன்ற இலவச மென்பொருளில் திறந்தால், பச்சையின் நடுவில் அலையில்லாத ஒரு வெற்றிடமும் அதையடுத்துச் சீறலும் தெரியும். பசியில் அந்த வெற்றிடம் இருக்காது.

குரல்நாண் அதிர்வில் இன்னொரு தவறு சேர்ந்துகொள்ளும்: மூன்றுக்கும் 'அதிர்வு உண்டு' என்று எழுதுவார்கள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன் என்பார்கள், பார்த்ததும் உண்மைதான். ஆனால் விரல் உணர்ந்தது முன்னும் பின்னும் வரும் உயிரொலியின் அதிர்வை. நடுவில் வரும் சின்ன இடைவெளியை விரலால் பிடிக்க முடியாது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். காதை அடைத்தால் அதிர்வு மண்டைக்குள் ரீங்காரமாகக் கேட்கும். பச்சையில் அந்த ரீங்காரம் நடுவில் அறுந்து மறுபடி தொடங்கும். பஞ்சுவில் ஞ்-இல் தொடங்கிய ரீங்காரம் அறுபடாமல் உ வரை ஓடும்.

ஒரு மாணவர் 'பசி'யைப் 'பச்சி' மாதிரி அடைப்போடு சொல்லிக் காட்டி, தன் விடை சரி என்று நின்றால், அது தேர்வுக்காக எழுத்தைப் பார்த்துச் சொன்ன சொல். "சாயங்காலம் செம பசி" என்று ஒரு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். உண்மையான ஒலி வந்துவிடும்.

தவறு: வாழ், வாள் இரண்டும் 'வளைநா மருங்கொலி'

இங்கே திருத்துபவர்தான் அவசரப்படக் கூடாது. சென்னையில் ழ்-வை ள்-ஆகச் சொல்பவர்கள் நிறைய. அப்படிச் சொல்லும் மாணவர் 'மருங்கொலி' என்று எழுதினால், தன் வாயைச் சரியாகவே கவனித்திருக்கிறார். அதனால்தான் கேள்வியிலேயே "புத்தகம் வாசிக்கும்போது சொல்கிற மாதிரி" என்று போட்டேன். அதைப் போடாத முதல் ஆண்டில் சரியாகக் கவனித்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தேன், பிறகு தாள்களை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.

அவர் எதைச் சொன்னார் என்று கண்டுபிடிக்க: சொல்லின் கடைசி மெய்யில் நாக்கை அப்படியே நிறுத்தச் சொல்லி, அசைக்காமல் வாயால் காற்றை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் காற்று எந்த வழியாகப் போகிறதோ அங்கே சில்லென்று இருக்கும். வால், வாள் இரண்டிலும் நாக்கு நடுவில் தடுத்துவிடுவதால் ஓரங்கள் குளிரும். மருங்கொலி என்ற பெயரே அதனால்தான். மருங்கு என்றால் பக்கம். 'வாழ்' நிஜமாகவே ழ் என்றால் நாக்கு மடங்கி நிற்கும், ஆனால் எதையும் தொடாது. குளிர் நாக்கின் நடுவில் ஓடும். காற்று இப்படி உரசாமல் தொடர்ந்து போவதைத்தான் உரசிலாத் தொடரொலி என்கிறோம். ஓரம் குளிர்ந்தால் அவர் சொன்னது ள்.

வடசென்னையில் வளர்ந்த ஒரு பையன் தாளில் மூன்றாவது விடை இருந்தது: "இடையண்ணம், உரசிலாத் தொடரொலி". அருகிலேயே, "எங்க வீட்ல வாயப்பயம்னுதான் சொல்வோம்" என்று பென்சிலில் எழுதியிருந்தான். ழ் அவன் வீட்டில் ய்-ஆக மாறியிருக்கிறது, அவன் எழுதியது ய்-யின் விளக்கம், துல்லியமாக. கேள்வி வாசிப்பு ஒலியைக் கேட்டதால் இடத்துக்கு மதிப்பெண் தர முடியவில்லை, முறைக்குத் தந்தேன். முறை ழ்-வுக்கும் ய்-யுக்கும் ஒன்றே என்பதை அவனே அப்போதுதான் கவனித்தான். நாக்கின் நுனி செய்யும் வேலையை நாக்கின் நடுப்பகுதி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் மாற்றம்.

தவறு: பந்து, பண்டம், பங்கு மூன்றுக்கும் இடம் 'மூக்கு'

விரைவில் தீரும். மூக்கு ஒலிப்பிடம் இல்லை, காற்று வெளியேறும் வழி. இடம் என்பது வாய்க்குள் அடைப்பு விழும் இடம். மூக்கைப் பொத்திக்கொண்டு 'பங்கு'வின் ங்-வை நீட்டச் சொல்லுங்கள், ஒலி நின்றுவிடும்: முறை மூக்கொலி என்பது உறுதி. இனி மூக்கை விட்டுவிட்டு, மூக்கொலியிலேயே நின்று அடுத்த மெய்க்குப் போகச் சொல்லுங்கள். பந்...து, பண்...டம், பங்...கு. நாக்கு இடம் மாறாமலேயே அடுத்த மெய் வரும். த் எங்கேயோ ந் அங்கே, க் எங்கேயோ ங் அங்கே. முதல் கேள்வியில் தேறியவருக்கு இங்கே இரண்டு விடை தானாக வந்துவிடும்.

ந்-வுக்கு 'நாய்', 'நகம்' போன்ற சொற்களைத் தேர்வில் வைக்காதீர்கள். சொல்லின் முதலில் வரும் ந்-வைப் பலர் ன் இடத்திலேயே சொல்கிறார்கள். த்-வுக்கு முன்னால்தான் அது உறுதியாகப் பல்லில் நிற்கும்.

தவறு: 'காற்று'க்கு வகுப்பில் மூன்று விதமான விடை

இது மாணவர் தவறே இல்லை. முன்பு என் விடைத்தாளில் 'நுனியண்ண ஆடொலி' என்று ஒரே விடை வைத்திருந்தேன், ற் என்றால் நாக்கு நுனி படபடவென்று ஆடும் ஆடொலி என்று பாடநூலில் இருப்பதை நம்பி. அதை வைத்துத் திருத்தியபோது வகுப்பில் பெரும்பாலோர் தவறினார்கள். வகுப்பே தவறினால் கேள்வியைச் சந்தேகிக்க வேண்டும்.

நிலவரம் இதுதான். சென்னைப் பேச்சில் 'காத்து': பல், அடைப்பொலி, பத்து மாதிரியே. இதை எழுதியவருக்கு முழு மதிப்பெண். மேடையிலும் வாசிப்பிலும் பலர் சொல்வது அடைப்பும் ஆடலும் சேர்ந்தது, 'காட்ர்று' என்று எழுதிக் காட்டலாம். அதை வீட்டில் சொல்வதாக எழுதியவரிடம் ஒரு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் 'காத்து' வந்துவிடும்.

மூன்றாவது விடை ஒரே ஒரு தாளில் இருந்தது: "நுனியண்ணம், அடைப்பொலி". எழுதியவன் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன், சென்னையிலேயே பிறந்தவன். எழுந்து சொல்லச் சொன்னேன். த்-வும் இல்லை, ட்-வும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடைப்பு, 'பன்னு'வின் கறை விழுந்த அதே மேட்டில். மற்ற பிள்ளைகளுக்கு முதலில் ட் மாதிரிக் கேட்டது, மறுபடி சொன்னபோது த் மாதிரிக் கேட்டது. அவர்கள் காதில் அந்த இடத்துக்கு ஒரு அடைப்பொலி இல்லை, அதனால் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஒலி புதியது இல்லை, பழையது. நம் எழுத்தில் வல்லினமும் மெல்லினமும் ஜோடியாக நிற்பதைக் கரும்பலகையில் எழுதினேன்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப. ஐந்திலும் மூக்கொலியும் அடைப்பும் ஒரே இடம். ஆறாவது ஜோடி ன்ற. ன்-இன் இடம் மேடு. அப்படியானால் ற்-வும் அங்கே பிறந்த ஓர் அடைப்பொலியாக இருந்தால்தான் வல்லினத்தில் அதற்கு இடம் இருக்க நியாயம். தொல்காப்பியம் ற், ன் இரண்டையும் ஒரே நூற்பாவில், நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை ஒற்றப் பிறப்பதாகச் சேர்த்தே சொல்கிறது. ஈழத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் அந்த அடைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே விடை திருத்தும் வழி: மாணவரைச் சொல்ல வையுங்கள், சொன்னது எழுதியதோடு பொருந்தினால் இரண்டு மதிப்பெண், பொருந்தாவிட்டால் இல்லை. சந்தேகம் வந்தால் 'பாற்று' என்று பேச்சில் வழங்காத ஒரு சொல்லைக் கொடுத்துக் கோகோவைத் தடவலாம். காற்றில் க் இருப்பதால் அது சோதனைக்குச் சுத்தமான சொல் இல்லை.

தவறு: வண்டி, வேன் இரண்டும் 'உரசொலி', அல்லது இரண்டும் 'இதழ்'

கீழ்உதடு மேல்பல்லை நெருங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாலே இடம் தெரியும். தொல்காப்பியமும் வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைவதைத்தான் சொல்கிறது. முறைக்கு, உதட்டுக்கு முன்னால் புறங்கையைப் பிடித்துக்கொண்டு வ்-வை நீட்டச் சொல்லுங்கள். தமிழ் வ்-வில் மெல்லிய காற்று, சீறல் இல்லை. இப்போது பல்லை உதட்டில் கொஞ்சம் அழுத்தி நீட்டினால் வண்டு மாதிரி இரையும், உதடு கூசும். அந்தக் கூச்சம்தான் ஆங்கில [v]-யின் உரசல். நாம் 'வேன்' என்று சொல்லும்போது பெரும்பாலும் அது வராது, நம் வ்-தான் வரும். கேள்வியில் "ஆங்கிலேயர் சொல்லும்" என்று போட்டது அதற்காக.

மறுதேர்வு

தவறியவர்களுக்கு அதே சொற்களை மறுபடி கொடுத்தால் விடையை மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். நான் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன்: கல், தங்கம், மகன். 'க' எழுத்து குறிக்கும் மூன்று ஒலிகளின் முறையும் அதிர்வும் என்ன? முதலாவது அடைப்பொலி, அதிர்வில்லை. இரண்டாவது அடைப்பொலி, அதிர்வு உண்டு. மூன்றாவதில் பெரும்பாலும் அடைப்பே விழாது, உரசொலி. சிலருக்கு அது தொண்டையில் [h] ஆகவும், சிலருக்குப் பின்னண்ணத்தில் [ɣ] ஆகவும் இருக்கும். [ɣ] எழுதியவர் அதிர்வு உண்டு என்றும் எழுதியிருக்க வேண்டும். [h] எழுதியவரைக் காதைப் பொத்திக்கொண்டு 'மகன்' சொல்ல வைத்து, ரீங்காரம் அறுகிறதா என்று அவரையே சொல்லச் சொல்லி, அவர் சொல்வதற்கே மதிப்பெண் போடுகிறேன்.